கரண்ட் பில் உயர்வை ட்விட்டர் த்ரெட்டில் புரியவைப்பது எப்படி: ஆணையிலிருந்து கடைசி ட்வீட் வரை

அரசு ஒரு கட்டணத்தையோ விதியையோ மாற்றினால் அன்றைக்கு ராத்திரிக்குள் டைம்லைன் நிறைய த்ரெட் வந்துவிடும். பெரும்பாலானவை ஆணையில் இருக்கும் வரிசையிலேயே போகும். முதலில் பின்னணி, பிறகு சட்டப்பிரிவு, பிறகு அட்டவணை, கடைசியில் கருத்து. படிக்கிறவருக்கு வேண்டியது வேறு: இது எனக்கா, எவ்வளவு கூடுது, எப்போதிலிருந்து? இந்த மூன்றுக்கும் பதில் பதினோராவது ட்வீட்டில் இருந்தால் அங்கே வரை யாரும் வரமாட்டார்கள்.

எல்லா வகை மாற்றத்துக்கும் பொதுவாகச் சொல்வதைவிட ஒரே ஒரு மாற்றத்தை எடுத்துக்கொண்டு, அதற்கான த்ரெட்டை ஆரம்பத்திலிருந்து கட்டிப் பார்ப்போம். 2022 செப்டம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்த வீட்டு மின்கட்டண உயர்வுதான் அது. சென்னையில் ஈ.பி. பில் கட்டும் எல்லோரையும் தொட்ட மாற்றம். வெளியே பார்த்தால் எளிமையாக இருந்தது, உள்ளே போனால் மூன்று இடங்களில் சறுக்கியது. 2024 ஜூலையில் கட்டணம் மறுபடி உயர்ந்துவிட்டது. ஆகவே கீழே வரும் ரூபாய்க் கணக்கை இன்றைய பில்லோடு ஒப்பிடாதீர்கள், கட்டும் முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: கையில் இருப்பது அறிவிப்பா, ஆணையா?

2022 ஜூலையில் மின்துறை அமைச்சர் கட்டண உயர்வை அறிவித்தார். அப்போதே நூற்றுக்கணக்கான பதிவுகள் "கட்டணம் உயர்ந்தது" என்று வந்தன. உண்மையில் அன்று எதுவும் உயரவில்லை. மின்வாரியம் ஒழுங்குமுறை ஆணையத்திடம் மனு கொடுத்திருந்தது, அவ்வளவுதான். ஆகஸ்டில் ஆணையம் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. செப்டம்பரில் ஆணை வெளியாகி, 10-ஆம் தேதியிலிருந்து அமலானது.

ஆகவே எழுத உட்காரும் முன் ஒரு தாளில் மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: யார் முடிவு செய்தது, இப்போது எந்தக் கட்டம், எந்தத் தேதியிலிருந்து. அமல் தேதி கிடைக்கவில்லை என்றால் அது இன்னும் முன்மொழிவாகவே இருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் த்ரெட்டின் முதல் வரியிலேயே "இது இன்னும் முடிவாகவில்லை" என்று வந்துவிட வேண்டும். அதைக் கடைசி ட்வீட்டுக்குத் தள்ளினால், முதல் ட்வீட்டை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸப்பில் போடுகிறவர் கையில் அது வதந்தியாகிவிடும்.

இரண்டாவது படி: ஆணையையும் மானியத்தையும் சேர்த்து வைத்துப் படிப்பது

இந்த மாற்றத்தில் பலர் தடுக்கி விழுந்த இடம் இதுதான். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஆணையத்தின் அட்டவணையில் வீட்டு இணைப்புக்கு 400 யூனிட் வரை ஒரு யூனிட் ₹4.50 என்றுதான் இருந்தது. அடுத்த 100-க்கு ₹6, அதற்கடுத்த 100-க்கு ₹8, அப்படியே மேலே ஏறி 1,000-க்கு மேல் ₹11. அதில் "முதல் 100 யூனிட் இலவசம்" என்று தேடினால் கிடைக்காது. ஏனென்றால் இலவசத்தைக் கொடுப்பது ஆணையம் இல்லை, தமிழ்நாடு அரசு. மின்வாரியத்துக்குச் சேர வேண்டிய பணத்தை அரசு மானியமாகக் கட்டுகிறது. ஆணையை மட்டும் படித்தவர் "100 யூனிட் இலவசம் போச்சு" என்று எழுதுவார். அரசின் அறிக்கையை மட்டும் படித்தவர் 500-க்கு மேல் போனால் பில் ஏன் எகிறுகிறது என்று விளக்க முடியாமல் நிற்பார்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் படம் தெளிவாகும். எல்லோருக்கும் முதல் 100 யூனிட்டை அரசு ஏற்றுக்கொள்கிறது. மொத்தம் 500 யூனிட்டுக்குள் நிற்கிறவர்களுக்கு மட்டும் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குப் பாதி விலையையும் ஏற்றுக்கொள்கிறது, அதாவது அவர்கள் கட்டுவது ₹2.25. 501-வது யூனிட் ஓடியதும் அந்தப் பாதி மானியம் போய்விடும். 100 யூனிட்டுக்கு ₹2.25 என்றால் ₹225. அந்த ஒரே யூனிட்டால் பில்லில் ₹225 மொத்தமாக ஏறும், அதோடு அந்த யூனிட்டின் விலை ₹8. மொத்தம் ₹233.

வேறு மாற்றங்களிலும் இதே சோதனையைச் செய்யுங்கள். விலையை ஓர் அமைப்பு முடிவு செய்து, சலுகையை இன்னோர் அமைப்பு தருகிறது என்றால், இரண்டு ஆவணமும் மேசையில் இருக்கும் வரை எழுதத் தொடங்காதீர்கள்.

மூன்றாவது படி: ஒரு வீட்டுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்பது

"யூனிட்டுக்கு ஒன்றரை ரூபாய் கூடியிருக்கிறது" என்றால் யாருக்கும் எதுவும் புரியாது. "போன பில் ₹1,130, இந்த பில் ₹1,725" என்றால் உடனே புரியும். அதனால் ட்வீட் எழுதும் முன் பழைய கட்டணத்திலும் புதிய கட்டணத்திலும் நாலைந்து அளவுகளுக்குக் கையால் கணக்குப் போடுங்கள். 500 யூனிட் வீட்டுக்கு இப்படி வரும்.

பழைய முறையில் முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு யூனிட்டுக்கு ₹2 வீதம் ₹200, மீதி 300-க்கு ₹3 வீதம் ₹900, நிலைக்கட்டணம் ₹30. ஆக ₹1,130. புதிய முறையில் நிலைக்கட்டணம் எடுக்கப்பட்டது. முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு ₹225, அடுத்த 200-க்கு ₹900, கடைசி 100-க்கு ₹600. ஆக ₹1,725. கூடியது ₹595.

இதே போல 600 யூனிட்டுக்குப் போட்டால் ₹2,440 என்பது ₹2,750 ஆகிறது. கூடியது ₹310 மட்டும். 500 ஓட்டியவருக்கு ₹595 கூட, 600 ஓட்டியவருக்கு ₹310 தான் கூடியிருக்கிறது! கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டோமோ என்று தோன்றும், ஆனால் சரியாகத்தான் இருக்கிறது. பழைய முறையில் 500-ஐத் தாண்டியதும் எல்லா அடுக்கின் விலையும் மாறியதால், ஒரே யூனிட்டுக்காக பில் ₹656.60 ஏறும். புதிய முறையில் அந்தத் தாவல் ₹233 ஆகச் சுருங்கியது. 500 யூனிட்டுக்குள் கவனமாக ஓட்டிக்கொண்டிருந்த வீடுகளுக்குத்தான் அடி பலமாக விழுந்தது. செய்தியை மட்டும் வாசித்து எழுதியிருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது. உங்கள் த்ரெட்டைப் படிக்கக் காரணமாக இருக்கப்போவது இந்த மாதிரி ஒரு விஷயம்தான்.

இன்னொரு பொறி: அரசின் அறிக்கையில் உயர்வை மாதக் கணக்கில் சொல்லியிருந்தார்கள். 500 யூனிட்டுக்கு மாதம் ₹297.50 என்று. நம் வீட்டுக்கு ரீடிங் எடுப்பதோ இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. யூனிட்டை இரண்டு மாதக் கணக்கிலும் ரூபாயை ஒரு மாதக் கணக்கிலும் ஒரே வரியில் வைத்ததால், ₹297.50 தான் பில்லில் கூடும் என்று நினைத்தவர்கள் ஏராளம். எந்தக் கால அளவில் மக்கள் பணம் கட்டுகிறார்களோ அந்த அளவுக்கே எல்லா எண்ணையும் மாற்றிக்கொள்ளுங்கள். கலக்காதீர்கள்.

நான்காவது படி: ட்வீட்டுகளை வரிசைப்படுத்துவது

கணக்கு கையில் வந்தாயிற்று. இனி வரிசை. படிக்கிறவர் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு என்னென்ன கேட்பாரோ அந்த வரிசையில்தான் த்ரெட் நகர வேண்டும். பதில் கிடைத்தவுடன் அவர் வெளியேறிவிடலாம், அதில் தவறில்லை.

முதல் ட்வீட்டில் தேதி, யாருக்கு, ஒரு நிஜ பில். "முக்கியமான த்ரெட்", "அவசியம் படியுங்கள்" எல்லாம் வேண்டாம், அந்த இடம் எண்ணுக்கு வேண்டும்.

> 1/ ஈ.பி. கட்டணம் 2022 செப்டம்பர் 10 முதல் மாறியிருக்கிறது. இங்கே வீட்டு இணைப்பு மட்டும். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடும் வீட்டுக்கு ₹1,130 வந்த பில் இனி ₹1,725. உங்களுக்கு எவ்வளவு? பழைய பில்லை எடுத்துக்கொண்டு வாங்க.

இரண்டாவது ட்வீட் ஆளைப் பிரிக்கிறது. யாருக்கு மாற்றமே இல்லையோ அவர்களை இங்கேயே நிம்மதியாக அனுப்பிவிட வேண்டும்.

> 2/ பில்லில் யூனிட் எண்ணிக்கையைப் பாருங்கள். அது இரண்டு மாதக் கணக்கு. 100-க்குள் இருந்தால் உங்களுக்கு மாற்றம் இல்லை, பில் பூஜ்ஜியம்தான். மேற்கொண்டு படிக்கத் தேவையில்லை. 100-க்கு மேல் என்றால் அடுத்த ட்வீட்டில் உங்கள் பில் தொகை இருக்கும்.

> 3/ இரண்டு மாத வீட்டு பில், பழையது → புதியது (10.9.2022 முதல்)
> 200 யூனிட்: ₹170 → ₹225
> 300 யூனிட்: ₹530 → ₹675
> 400 யூனிட்: ₹830 → ₹1,125
> 500 யூனிட்: ₹1,130 → ₹1,725
> 600 யூனிட்: ₹2,440 → ₹2,750

பாதிப் பேருக்கு இத்தோடு வேலை முடிந்தது. இன்னும் நிற்கிறவர்கள் "எப்படி இந்தக் கணக்கு?" என்று கேட்பவர்கள். அவர்களுக்குத்தான் அடுக்குமுறை.

> 4/ 340 யூனிட் வந்திருக்கிறதா? இப்படிப் பிரியுங்கள்.
> முதல் 100: இலவசம்
> அடுத்த 100: ₹2.25 வீதம் ₹225
> மீதி 140: ₹4.50 வீதம் ₹630
> மொத்தம் ₹855. முன்பு இதற்கு ₹650.
> (இரண்டு மாத பில், மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால்)

> 5/ இரண்டு மாதத்தில் 500-ஐத் தாண்டினால் 101 முதல் 200 வரைக்கான பாதி மானியம் கிடையாது. அதனால் 490 யூனிட்டுக்கு ₹1,665, 510 யூனிட்டுக்கு ₹2,030. இருபது யூனிட்டுக்கு ₹365 வித்தியாசம். ரீடிங் எடுக்கும் தேதி நெருங்கும்போது மீட்டரை ஒருமுறை பாருங்கள்.

> 6/ "மாதம் ₹297.50 தான் கூடுகிறது" என்று செய்தியில் பார்த்திருப்பீர்கள். அது 500 யூனிட் பில்லின் உயர்வை இரண்டால் வகுத்த கணக்கு. பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால் நீங்கள் கூடுதலாகக் கட்டப்போவது ₹595.

500-க்கும் 600-க்கும் உள்ள அந்த வினோதத்தைத் தனி ட்வீட்டாக 7-வதில் வைக்கலாம். முன்னால் கொண்டுவர ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். தன் பில் எவ்வளவு என்று தெரிந்த பிறகுதான் அடுத்த வீட்டுக்காரர் பில்லோடு ஒப்பிட மனசு வரும்.

எட்டாவது ட்வீட்டை நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். இது யாருக்குப் பொருந்தாது என்று சொல்லும் ட்வீட். சென்னையில் இது மிக முக்கியம். வாடகை வீட்டில் பலருக்குத் தனி ஈ.பி. இணைப்பு இருக்காது. வீட்டுக்காரர் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று அவராக ஒரு விலை வாங்குவார். அவர்களுக்கு மேலே உள்ள எந்த எண்ணும் பொருந்தாது. அடுக்குமாடிகளில் மாடிப்படி விளக்கு, மோட்டார், லிஃப்ட் ஓடும் பொது இணைப்பும் வேறு. 2022 ஆணையில் அதை 1டி என்ற தனி வகையாக்கி யூனிட்டுக்கு ₹8 வைத்தார்கள், இலவச யூனிட் எதுவும் இல்லை. பராமரிப்புக் கட்டணம் ஏன் ஏறியது என்று குழம்பியவர்களுக்குக் காரணம் இதுவே. இதை விளக்க ஆரம்பித்தால் த்ரெட் இரண்டாகக் கிழியும். "இது தனிக் கதை, தனியாக எழுதுகிறேன்" என்று ஒரு வரி போதும்.

கடைசி ட்வீட்டில் ஆணை, அரசு அறிக்கை இரண்டின் இணைப்பும், நீங்கள் எழுதிய தேதியும். உங்கள் கருத்து இருந்தால் அதற்கு வேறு த்ரெட். மாதா மாதம் ரீடிங் எடுக்க வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அதை இங்கே கலந்தால், பில் கணக்கைத் தேடி வந்தவர்களில் பாதிப் பேர் இதை ஒரு கட்சிக்காரரின் பதிவு என்று ஒதுக்கிவிடுவார்கள், எண்களையும் நம்பமாட்டார்கள்.

ஐந்தாவது படி: ஒவ்வொரு ட்வீட்டும் தனியே நிற்குமா?

த்ரெட் முழுசாகப் பரவாது. யாரோ 5-வது ட்வீட்டை மட்டும் ரீட்வீட் செய்வார், யாரோ 3-வதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குடியிருப்போர் சங்க குரூப்பில் போடுவார். மேலே மூன்றாவது ட்வீட்டில் தேதியையும் "இரண்டு மாத வீட்டு பில்" என்பதையும் மறுபடி எழுதியிருப்பதற்குக் காரணம் அதுதான். எண் இருக்கும் எந்த ட்வீட்டிலும் அதன் கால அளவு இருக்க வேண்டும். "மேலே சொன்னபடி", "இந்தத் தொகை" என்றெல்லாம் தொடங்கும் ட்வீட்டைத் தனியே எடுத்தால் தலையில்லாமல் நிற்கும்.

இடப் பற்றாக்குறை வரும். இலவசக் கணக்கில் 280 எழுத்துதான், அதிலும் தமிழில் புள்ளியும் துணைக்கால்களும் தனித்தனியாக எண்ணப்படும். "க்" என்பது இரண்டு. "கா" என்பதும் இரண்டு. இணைப்பு எவ்வளவு நீளமாக இருந்தாலும் 23. நடைமுறையில் ஒரு ட்வீட்டுக்குச் சுமார் முப்பது சொல் கிடைக்கும். "செய்யப்பட்டுள்ளது", "மேற்கொள்ளப்பட்டு வருகிறது" போன்ற அரசுத் தமிழை முதலில் வெட்டுங்கள். தேதியையும் கால அளவையும் வெட்டாதீர்கள்.

அட்டவணையைப் படமாகப் போடலாமா என்று கேட்பார்கள். போடுங்கள், ஆனால் கூடவே எழுத்திலும் இருக்கட்டும். திரையை வாசித்துச் சொல்லும் செயலியைப் பயன்படுத்துகிறவருக்குப் படத்தில் உள்ள எண் கிடைக்காது, தேடலிலும் சிக்காது. படத்துக்குள்ளேயே ஒரு மூலையில் அமல் தேதியை அச்சடித்துவிடுங்கள். இரண்டு வருஷம் கழித்தும் அந்தப் படம் சுற்றிக்கொண்டிருக்கும்.

ஆறாவது படி: போடும் முன் ஒருவரிடம் கொடுத்துப் பார்ப்பது

ட்விட்டரில் இல்லாத ஒருவரிடம் காட்டுவது நல்லது. மாடி வீட்டு அக்காவோ, உங்கள் அம்மாவோ. "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் புரிந்தது என்றே சொல்வார்கள். "அக்கா, உங்க பில்லுல 340 யூனிட்னு இருக்கு. இனிமே எவ்வளவு வரும்? போட்டுப் பாருங்க" என்று கேளுங்கள்.

அவர் ₹1,530 என்று சொன்னால், 340-ஐ அப்படியே 4.50-ஆல் பெருக்கியிருக்கிறார். அடுக்குமுறையில் எல்லோரும் செய்யும் தவறு இது: கடைசி அடுக்கின் விலை எல்லா யூனிட்டுக்கும் என்று எடுத்துக்கொள்வது. அவர் மேல் குறையில்லை, உங்கள் 4-வது ட்வீட்டை மாற்ற வேண்டும். "101 முதல் 200 வரை, 201 முதல் 400 வரை" என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் இப்படித்தான் ஆகும். "முதல் 100, அடுத்த 100, மீதி 140" என்று எழுதினால் கூட்டத் தோன்றும். ₹855 என்று பதில் வரும் வரை மாற்றுங்கள். ₹1,080 என்று வந்தால் இலவசத்தைக் கழித்திருக்கிறார், பாதி மானியத்தைக் கவனிக்கவில்லை. எந்தத் தவறான விடை வருகிறதோ அதுவே எந்த வரி சரியில்லை என்று காட்டிக்கொடுத்துவிடும்.

ஏழாவது படி: போட்ட பிறகு

முதல் ஒரு மணி நேரம் பதில்களைப் பாருங்கள். ஒரே கேள்வி மூன்று பேரிடமிருந்து வந்தால் த்ரெட்டில் ஓட்டை இருக்கிறது. இந்த விஷயத்தில் நிச்சயமாக வரும் ஒன்று: "ரீடிங் எடுக்க ஆள் பத்து நாள் லேட்டா வந்தார், அதனால 500 தாண்டிடுச்சு, என்ன செய்யறது?" உங்கள் த்ரெட் அந்தப் புகாருக்கானது இல்லை. ஆனால் போன ரீடிங் தேதியையும் இந்த ரீடிங் தேதியையும் எழுதி, மீட்டரைப் படம் எடுத்து, தன் பகுதிப் பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் கொடுக்கச் சொல்லும் ஒரு பதிலைத் தயாராக வைத்திருங்கள்.

எண் தவறு என்று யாராவது காட்டினால் திருத்தத்தை த்ரெட்டின் வாலில் போடாதீர்கள், அங்கே வருகிறவர்கள் குறைவு. தவறான ட்வீட்டுக்கு நேர் கீழேயே பதிலாகப் போடுங்கள். தவறு முதல் மூன்று ட்வீட்டுக்குள் இருந்தால் நீக்கிவிட்டு முழுசாக மறுபடி போடுவதே நல்லது, லைக் போனாலும் பரவாயில்லை.

அப்புறம், 2022 ஆணையிலேயே ஆண்டுதோறும் ஜூலை 1-ஆம் தேதி விலைவாசிக் குறியீட்டுக்கு ஏற்பக் கட்டணத்தை மாற்ற வழி வைத்திருந்தார்கள், உச்சவரம்பு 6 சதவீதம். அப்படி மாறும் ஒவ்வொரு வருஷமும் வீடுகளுக்கான உயர்வை அரசே ஏற்றுக்கொள்ளவும் கூடும், 2023-இல் அப்படித்தான் நடந்தது. ஆகவே காலண்டரில் ஜூன் கடைசி வாரத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, ஆணை வந்ததும் அரசின் மானிய அறிக்கையும் வரும் வரை காத்திருங்கள். இரண்டும் வந்த பிறகு பழைய த்ரெட்டின் முதல் ட்வீட்டுக்குக் கீழே "இந்த எண்கள் பழையவை, புதியது இங்கே" என்று இணைப்புக் கொடுத்துவிட்டு, மூன்றாவது ட்வீட்டின் அட்டவணையிலிருந்து மறுபடி கணக்குப் போடத் தொடங்குங்கள்.